கழுத்தின் நீளம் சின் ரெஸ்ட்டின் கணக்கு

ஒன்றரை மணி நேரம் வாசித்து முடித்து, வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிரும்போதுதான் அது தெரியும். இடது காதுக்குக் கீழே தொடங்கிக் காறை எலும்பு வரைக்கும், கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கயிற்றை முறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது பெரிதாக உறைக்காது. நிறுத்திய பிறகுதான் வரும். சற்று நேரம் கழித்துத் தலையை வலப்பக்கம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலைக்குள் சரியாகிவிடும். மறுபடி வாசித்தால் மறுபடி வரும். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இதைப் பயிற்சிக்குக் கொடுக்கவேண்டிய கூலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கழுத்து நீளம். புகைப்படங்களில் பார்த்தாலே தெரியும். ஆனால் வயலின் தோளில் ஏறிய பிறகு அந்த நீளம் என்ன செய்கிறது என்பது எனக்கு நெடுநாள் புரியவில்லை. புரிந்த விதத்தையும், அதற்காக, வயலினுக்கு அடியில் தோளில் ஊன்றும் ஷோல்டர் ரெஸ்ட்டையும் மேலே தாடையைத் தாங்கும் சின் ரெஸ்ட்டையும் எந்த வரிசையில் மாற்றினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, வயலினைக் காறை எலும்புக்கும் தாடைக்கும் இடையில் வைத்து வாசிப்பவர்களுக்கான கணக்கு இது. தரையில் அமர்ந்து சுருள்முனையைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பவர்களுக்கு வயலினின் எடை இறங்கும் இடமே வேறு. அவர்களுக்கு இது பொருந்தாது.

நான் முதலில் செய்தது, நீண்ட கழுத்துக்காரர்கள் பெரும்பாலோர் செய்வதுதான். தாடைக்கும் வயலினுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, ஆகவே வயலினை உயர்த்தவேண்டும் என்று முடிவு செய்தேன். ஷோல்டர் ரெஸ்ட்டின் இரண்டு கால்களிலும் திருகை வெளியே எடுத்துக்கொண்டே போனேன். அது போதாமல் நீளமான திருகு வைத்த கால்களைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். வயலின் மேலே வந்தது, தாடை அதைத் தொட்டது, கழுத்துப் பிடிப்பும் உண்மையாகவே குறைந்தது. இரண்டு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். மூன்றாவது வாரம் வலது தோள்பட்டையின் வெளிப்பக்கம் எரிய ஆரம்பித்தது. குறிப்பாக மிகத் தாழ்ந்த ஒலி தரும் ஜி தந்தியில் நீண்ட வில் இழுக்கும் பகுதிகளை வாசித்த நாட்களில்.

ஒரு வலியைக் கழுத்திலிருந்து எடுத்து எதிர்ப்பக்கத் தோளில் வைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. வில் பிடிக்கும் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஆசிரியரிடம் போனேன். அவர் என் வில்லைப் பார்க்கவே இல்லை. முன்னால் வந்து நின்று, வயலினுக்கும் என் காறை எலும்புக்கும் நடுவில் ஆட்காட்டி விரலை நுழைத்துக் காட்டினார். விரல் முழுதாக உள்ளே போனது. “வயலின் உங்கள் மேல் உட்காரவில்லை, பரண்மேல் உட்கார்ந்திருக்கிறது” என்றார். “கை அந்தப் பரணுக்கு ஏறி ஏறி இறங்குகிறது. வலிக்காமல் என்ன செய்யும்?”

அன்று அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையின் மையமாக வைக்கிறேன். வயலின் உட்காரவேண்டிய இடம் காறை எலும்பு. அதற்கு மேலே, வயலினுக்கும் தாடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது கழுத்தின் நீளம். அதை நிரப்புவது சின் ரெஸ்ட்டின் வேலை. கீழே, வயலினின் பின்பலகைக்கும் தோளுக்கும் மார்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது தோளின் சரிவு. அதை நிரப்புவது ஷோல்டர் ரெஸ்ட்டின் வேலை. இரண்டும் வெவ்வேறு இடைவெளிகள். கழுத்து நீண்டவருக்குத் தோள் நேராக இருக்கலாம், கழுத்து குட்டையானவருக்குத் தோள் சரிந்திருக்கலாம். மேல் இடைவெளியைக் கீழே இருந்து நிரப்பப் பார்த்தால் வயலின் எலும்பைவிட்டு மேலே போய்விடும். அப்போது தந்திகள் நிற்கும் மட்டம் உயர்கிறது. இடது கை உயர்கிறது, வலது முழங்கை அதைவிட உயர்கிறது. கீழ்த்தந்திக்குப் போகும்போது வலது மேற்கை கிடைமட்டத்தையும் தாண்டி ஏறவேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் அப்படித் தூக்கியே வைத்திருந்தால் தோள் தசை எரியத்தான் செய்யும். எலும்பின் ஆதரவை இழந்த வயலின் ஆடவும் செய்யும்; ஆட்டத்தை அடக்கத் தாடை அழுத்தும். உயரம் கூட்டியதால் கிடைத்த நிம்மதியை அந்த அழுத்தம் மெல்லத் தின்றுவிடும்.

மாறாக, நான் ஆரம்பத்தில் வைத்திருந்ததுபோல் எல்லாம் தாழ்வாக இருந்தால் என்ன ஆகும்? தாடை வயலினைத் தேடி இறங்கும். கழுத்து நீண்டவருக்கு அந்த இறக்கம் வெறும் தலையசைப்பாக இருக்காது. தலை இடப்பக்கம் சாய்ந்து, முன்னால் நீண்டு இறங்கும். அதோடு இடது தோள் மேலே ஏறி வயலினைத் தாடையை நோக்கித் தள்ளும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகுகிறது. காதுக்குக் கீழே எனக்கு இருந்த கயிறு அதுதான்.

சின் ரெஸ்ட் வயலினோடு பிறந்த உறுப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஏறக்குறைய 1820இல் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயிஸ் ஷ்போர் அதை வடிவமைத்தார் என்பார்கள்; அது, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு மேலே நடுவில் உட்கார்ந்தது. அதற்கு முன்பு வயலினை வெறுமனே எலும்பின்மேல் வைத்தே வாசித்தார்கள். கால்கள் வைத்த பாலம் போன்ற ஷோல்டர் ரெஸ்ட்டுகள் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆனாலும் இன்று வயலின் வாங்கும்போதே ஒரு சின் ரெஸ்ட் பூட்டித் தரப்படுவதால், அதை நாம் தந்திகளைத் தாங்கும் குதிரையைப்போல, அவற்றை முறுக்கும் முளைகளைப்போல வயலினின் நிலையான அங்கமாகவே எண்ணிவிடுகிறோம். ஷோல்டர் ரெஸ்ட்டை நான்கு தடவை மாற்றுகிறவர்கள் சின் ரெஸ்ட்டை ஒருமுறைகூடத் தொடுவதில்லை. நானும் தொட்டதில்லை. அது யாருடைய கழுத்துக்கோ அளவெடுத்தது. பெரும்பாலும் நடுத்தரமான ஒரு கழுத்துக்கு.

அளவு எடுப்பது எளிது. உதவிக்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். வயலின் இல்லாமல் நேராக நின்று, தோள்களைத் தளரவிட்டு, கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கவேண்டும். பிறகு வாசிக்கும்போது திரும்பும் அளவுக்குத் தலையை இடப்பக்கம் திருப்பவேண்டும். திருப்பலாம், சாய்க்கக்கூடாது. அந்த நிலையில் காறை எலும்பின் மேல்விளிம்பிலிருந்து, சின் ரெஸ்ட் தொடும் இடத்தில் உள்ள தாடை எலும்பின் அடிவிளிம்பு வரை செங்குத்தாக அளக்கவேண்டும். எனக்கு 85 மில்லிமீட்டர் வந்தது. மூன்று முறை எடுத்தோம், 83க்கும் 86க்கும் நடுவில் ஆடியது. அதைவிடத் துல்லியம் இந்த அளவில் கிடைக்காது, தேவையும் இல்லை.

இனி கழித்தல். என் வயலினின் விளிம்பு, அதாவது பக்கப்பலகையோடு மேல்பலகை, பின்பலகை இரண்டின் விளிம்புகளும் சேர்ந்து, 38 மில்லிமீட்டர். முழு அளவு வயலின்கள் பெரும்பாலும் இதையொட்டியே இருக்கும். மீதி 47. அதில் ஒரு விரல் பருமனுக்குக் காலியாக விடவேண்டும், ஏனென்றால் தலை லேசாகக் கவிழ்ந்துதான் தாடை சின் ரெஸ்ட்டின்மேல் இறங்கவேண்டும். எப்போதும் முட்டிக்கொண்டே இருந்தால் தலைக்கு அசைய இடமில்லை. அதற்கு 12 மில்லிமீட்டர் விட்டேன். ஆக, எனக்குத் தேவையான சின் ரெஸ்ட் உயரம் 35. வயலினில் இருந்ததை, தாடை உட்காரும் இடத்தில், தக்கையும் சேர்த்து அளந்தேன். 23. ஒன்றரை ஆண்டு என் கழுத்து தேடித்தேடி இறங்கிக்கொண்டிருந்த தூரம் 12 மில்லிமீட்டர்.

வயலின் எலும்பின்மேல் சற்றுச் சாய்ந்து உட்காரும், தோலும் சதையும் அமுங்கும். ஆகவே இந்தக் கணக்கை முடிவாக எடுத்துக்கொள்ளவேண்டாம், தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உடனே போய் 35 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்று வாங்கிவிடாமல் துணி வைத்துப் பார்க்கச் சொன்னார் ஆசிரியர். இது எனக்கு மிகவும் பயன்பட்ட யோசனை. ஒரு பருத்தித் துண்டைச் சின் ரெஸ்ட்டின் கிண்ணத்தின்மேல் மடித்து வைத்து, அகலமான ரப்பர் வளையத்தால் அது நழுவாமல் கட்டினேன். வளையம் தந்திகளையோ டெயில்பீஸையோ தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். முதல் நாள் இரண்டு மடிப்பு. இரண்டு நாள் கழித்து இன்னொரு மடிப்பு. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் அமுக்கிய நிலையில் அதன் கனத்தை அளந்து குறித்துவைத்தேன். அமுக்காமல் அளந்தால் கணக்கு தவறிவிடும்.

துணிச் சோதனையில் எதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் முக்கியம். வசதியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் பதில் வராது. புதிய உயரம் எதுவானாலும் முதல் நாள் அந்நியமாகத்தான் இருக்கும். நான் மூன்றைப் பார்த்தேன். முதலாவது, கைப்பேசியை மார்பு உயரத்தில் எதிரே நிறுத்திப் பத்து நிமிடம் வாசித்துப் படம் பிடித்தேன். கண்கள் இரண்டையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா, இடது தோள் வலது தோளைவிட மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து எட்டாவது நிமிடத்தில் சாய ஆரம்பித்தால் உயரம் இன்னும் போதவில்லை என்று பொருள். வாய் லேசாகத் திறந்து, மூக்கு மேல்நோக்கிப் போனால் உயரம் மிகையாகிவிட்டது.

இரண்டாவது, தந்தியில் இடது கை நிற்கும் மேல் நிலையிலிருந்து முதல் நிலைக்குக் கை இறங்கும் இடங்கள். ஐந்தாம் நிலையிலிருந்து இறங்கும்போது கை வயலினைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த நொடியில்தான் தாடை கவ்விப் பிடிக்கிறது. ஒரே ஸ்கேலை மெதுவாக ஏறி இறங்கி வாசித்து, ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்பு தலையை இடதும் வலதுமாக ஒரு சிறு அசைவு அசைத்துப் பார்த்தேன். தலை அசைகிறதென்றால் பிடி தளர்வாக இருக்கிறது. மரத்தில் ஆணியடித்ததுபோல் நின்றால் தாடை வேலை செய்துகொண்டிருக்கிறது. மூன்றாவது, வலி தொடங்கும் நேரம். துணி இல்லாமல் இருபது நிமிடத்துக்குள் கயிறு முறுக்க ஆரம்பித்துவிடும். அமுக்கிய நிலையில் 9 மில்லிமீட்டர் கனமுள்ள துணியோடு அது முக்கால் மணி நேரத்துக்குத் தள்ளிப்போனது. கணக்கு 12 சொன்னது, உடம்பு 9 என்றது.

நான் கணக்கை நம்பினேன். அந்தத் தவறைப் பின்னால் சொல்கிறேன்.

உயரத்தைப் போலவே கிண்ணம் எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்பதும் கழுத்தைப் பாதிக்கும். என் வயலினில் இருந்தது குவார்னெரி வகை. அதன் அடிப்பகுதி டெயில்பீஸின் குறுக்கே போய், வயலினின் விளிம்பைப் பற்றும் கிளாம்பால் பூட்டப்பட்டிருக்கும், ஆனால் கிண்ணம் டெயில்பீஸுக்கு இடப்பக்கம் இருக்கும். ஃப்ளெஷ் வகையில் கிண்ணம் டெயில்பீஸுக்கு நேர்மேலே நடுவில் வரும். டேக்கா போன்றவை முழுவதும் இடப்பக்கத்திலேயே பூட்டப்படுபவை. எதில் தாடை இயல்பாகப் போய் உட்காருகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்க்காமல் வயலினைக் காறை எலும்பின்மேல் வைத்து, பிறகு தலையைத் தானாக இறங்கவிடவேண்டும். தாடை விழுந்த இடத்தை இன்னொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். எனக்கு அது கிண்ணத்தின் வலது ஓரத்தில், ஏறக்குறைய டெயில்பீஸின் விளிம்பருகே விழுந்தது. கிண்ணத்தின் பள்ளத்துக்குப் போக நான் முகத்தை இன்னும் இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திருப்பமும் கழுத்தின் அதே தசையைத்தான் இழுக்கிறது. ஆகவே நடுவுக்குச் சற்று நெருங்கிய கிண்ணம் எனக்குத் தேவைப்பட்டது. இதை எல்லோருக்கும் பொதுவிதியாகச் சொல்லமாட்டேன். கிண்ணம் நடுவுக்கு வரும்போது வயலின் உடம்பில் இடப்பக்கமாக நகரும். கை குட்டையானவர்களுக்கு வில்லின் நுனிவரை போவது அப்போது கடினமாகிவிடும். என் கை நீளம், அதனால் இடைஞ்சல் இல்லை.

கிண்ணத்தின் உள்விளிம்பில் ஒரு மேடு இருக்கும். தாடை எலும்பின் பின்னால் அது கொக்கிபோல் நிற்கவேண்டும். மேடு உயரமாகவும் கூராகவும் இருந்தால் எலும்பு துருத்திய தாடைக்கு உறுத்தும். சதைப்பற்றான தாடைக்குத் தட்டையான கிண்ணத்தில் பிடிமானமே கிடைக்காமல் போகலாம். இதைத் தாடையை வைத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும், படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஐந்தாறு வகைகளைக் கையில் வைத்திருக்கும் வயலின் தொழிலாளி ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்திருப்பது, ஒவ்வொன்றாக வரவழைத்துத் திருப்பி அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

உயரமான சின் ரெஸ்ட்டுக்கு வழிகள் பல. எஸ்ஏஎஸ் என்ற வகை 24, 28, 32, 35 மில்லிமீட்டர் என்று நான்கு உயரங்களில் வருகிறது. கிரெடில் என்பதில் உயரத்தையும் சாய்வையும் நாமே மாற்றிக்கொள்ளலாம்; இன்னும் தன் அளவு தெரியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். இருக்கும் சின் ரெஸ்ட்டின் வடிவம் பிடித்திருந்தால் அதன் அடியில் மரத்துண்டோ தடிமனான தக்கையோ ஒட்டி உயர்த்தி, கிளாம்பின் திருகுகளை நீளமானதாக மாற்றலாம். நான் இந்த வழியில் போனேன். ஒரு வயலின் தொழிலாளி நடுவுக்கு நெருங்கிய கிண்ணம் ஒன்றைத் தேர்ந்து, மொத்த உயரம் 35 வரும்படி அடியில் மரத்துண்டு ஒட்டி, அதன் அடியில் தக்கை ஒட்டிப் பூட்டித் தந்தார்.

பூட்டும்போது அவர் காட்டிய சில விஷயங்களை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வேலையைப் பலர் வீட்டிலேயே செய்து வயலினைக் காயப்படுத்துகிறார்கள். கிளாம்பின் குழல்களில் உள்ள சிறு துளையில் ஊசிபோன்ற சாவியை நுழைத்துத் திருகவேண்டும். சாவி துளையைக் கடந்து மறுபக்கம் வந்துவிட்டால் அதன் நுனி பக்கப்பலகையின் வார்னிஷைக் கீறிவிடும். பலகைக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒரு தடித்த காகிதத்தைச் செருகிக்கொண்டு, துளைக்குள் பாதி மட்டும் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். இரண்டு குழல்களையும் மாறி மாறி இறுக்கவேண்டும். கையால் ஆட்டினால் நகராத அளவுக்கு இறுக்கினால் போதும், அதற்குமேல் போனால் வயலினின் விளிம்பு நசுங்கும். கிளாம்பின் உலோகம் பக்கப்பலகையைத் தொடக்கூடாது. சின் ரெஸ்ட்டின் அடி டெயில்பீஸைத் தொட்டால் சில சுரங்களில் மட்டும் ஒரு ரீங்காரம் வரும்; காரணம் தெரியாமல் தந்தியை மாற்றிக்கொண்டிருப்போம். புதுத் தக்கை அமுங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். உயரமான சின் ரெஸ்ட்டுக்கு நெம்புகோல்போல் சாயும் வேகம் அதிகம், ஆகவே தளர்வதும் விரைவில் நடக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஷோல்டர் ரெஸ்ட்டுக்குத் திரும்பினேன். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே சரியான உயரம் கிடைக்காதவரை கீழே என்ன தேவை என்பதே தெரியாது, ஏனென்றால் தோள் இயல்பான இடத்தில் இருக்காது. ஷோல்டர் ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, வயலினைக் காறை எலும்பின்மேல் வைத்து, தாடையை இறக்கி, இடது கையால் வயலினைத் தாங்கிக்கொண்டு நின்றேன். நண்பர் பின்பலகைக்கும் என் உடம்புக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தார். மார்புப் பக்கம் இரண்டு விரல் இடைவெளி, தோளின் வெளிப்பக்கம் ஒரு விரலுக்கும் குறைவு. என் கழுத்து நீளம்தான், ஆனால் தோள் சரியவில்லை. திருகுகளை முழுவதும் வெளியே இழுத்து, நீளக் கால்களும் வாங்கிப் பூட்டிய எனக்கு, உண்மையில் தேவைப்பட்டது மிகத் தாழ்ந்த ஷோல்டர் ரெஸ்ட்.

நீளக் கால்களைக் கழற்றிவிட்டு, பழைய கால்களை அடிமட்டம் வரை இறக்கினேன். பிறகு மார்புப் பக்கத்தை மட்டும் சற்று உயர்த்தினேன். இந்த இரண்டு முனைகளின் உயர வித்தியாசம்தான் வயலினின் சாய்வைத் தீர்மானிக்கிறது. தோள் முனை அதிகம் உயர்ந்தால் வயலின் வலப்பக்கம் சரிந்து, ஜி தந்திக்கு எதிர் ஓரத்தில் உள்ள ஈ தந்தி செங்குத்தாகத் தொங்கும். வில் கீழே வழுக்கும். மார்பு முனை அதிகம் உயர்ந்தால் வயலின் மேசைபோல் தட்டையாகும்; ஜி தந்திக்குப் போக வலது முழங்கை மிக உயரும், இடது முழங்கை வயலினுக்கு அடியில் நெடுந்தூரம் உள்ளே வரவேண்டியிருக்கும். நான் அரைத் திருப்பு, அரைத் திருப்பாகத் திருகி, ஒவ்வொரு மாற்றத்தையும் நான்கைந்து நாள் அப்படியே வைத்திருந்தேன். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

தோள் சரிந்தவர்களுக்கு இதே கணக்கு வேறு விடை தரும். அவர்களுக்கு வெளிப்பக்க இடைவெளி பெரிதாக இருக்கும். வுல்ஃப் நிறுவனத்தின் செகுண்டோ போன்ற உயரமாகக்கூடிய வகைகளும், தோளுக்குமேல் வளைந்து கொக்கிபோல் இறங்கும் பான்மியூசிகாவும் அத்தகையோருக்கு உண்மையிலேயே உதவுகின்றன. கழுத்தும் நீளம், தோளும் சரிவு என்றால் உயரமான சின் ரெஸ்ட், உயரமான ஷோல்டர் ரெஸ்ட் இரண்டுமே தேவைப்படலாம். எதுவானாலும், ரெஸ்ட் பூட்டிய பிறகும் வயலினின் விளிம்பு காறை எலும்பைத் தொடுகிறதா என்று விரலை நுழைத்துப் பார்க்கவேண்டும். விரல் தாராளமாகப் போனால் ரெஸ்ட் மிக உயரம்.

இனி நான் ஒத்திவைத்த தவறு. புதிய அமைப்பில் வலது தோளின் எரிச்சல் பத்து நாளில் அடங்கியது. கழுத்துக் கயிறும் தளர்ந்தது. ஆனால் ஒரு மாதம் முடியும்போது காதுக்கு முன்னால், தாடை மூட்டில் ஒரு சோர்வு தெரிந்தது. காலையில் வாயைத் திறந்தால் சிறு சொடுக்கு. படம் பிடித்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது: மூக்கு மேல்நோக்கியிருந்தது. 35 மில்லிமீட்டரில் தாடை கவிழ்ந்து இறங்கவில்லை, எந்நேரமும் முட்டிக்கொண்டே நின்றது. துணி ஏற்கெனவே சொன்ன 9 மில்லிமீட்டர் உயர்வுதான் சரி. வயலின் தொழிலாளி அடிமரத்தில் 3 மில்லிமீட்டர் இழைத்து எடுத்தார். 32இல் ஒரே வாரத்தில் சொடுக்கு நின்றது. கழுத்து நீளம் என்பதால் உயர்த்திக்கொண்டே போகலாம் என்றில்லை. தாழ்வு கழுத்தில் தெரிவதுபோல் மிகை உயரம் தாடையில் தெரிகிறது.

உயரம் மாறியதும் வேறு சிலவும் மாறின. இடது கை தந்திகளை அணுகும் கோணம் கொஞ்சம் மாறியதால் முதல் இரண்டு வாரம் நான்காம் விரல் தாழ்ந்தே விழுந்தது. வயலின் காதிலிருந்து சற்றே விலகியதால் ஒலி மெலிந்ததாகத் தோன்றியது. அறையின் மறுமூலையில் நின்று கேட்டவர் எந்த மாற்றமும் இல்லை என்றார். இவை பழகிவிடும். பழகாதவை எவை என்றும் அறிந்திருக்கவேண்டும். கை விரல்களில் மரத்துப்போதல், கூச்சம், இரவில் எழுப்பும் வலி, வாசிக்காத நாட்களிலும் தொடரும் வலி, பிடியில் வலுக்குறைவு ஆகியவற்றுக்கு எந்தச் சின் ரெஸ்ட்டும் மருந்தல்ல. அவற்றோடு உபகரணத்தை மாற்றிக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போகவேண்டும். கிளாம்ப் தொடும் இடத்தில் தோல் சிவந்து அரித்தால் அது உயரத்தின் பிரச்சினை அல்ல. உலோகத்தில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். டைட்டானியம் கிளாம்போ, உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய துணியோ அதற்குப் போதும். தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் வாசிப்பதையும் நான் விட்டுவிட்டேன். அரை மணிக்கு ஒருமுறை வயலினைக் கீழே வைக்கிறேன். அது இல்லாமல் இந்த மாற்றங்கள் மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும் என்று என்னால் சொல்லமுடியாது.

இப்போது வயலின் பெட்டியின் மூடியில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறேன். சின் ரெஸ்ட் 32, ஷோல்டர் ரெஸ்ட்டின் தோள் முனை அடிமட்டம், மார்பு முனை அடிமட்டத்திலிருந்து மூன்று திருப்பு. கால்களின் ரப்பர் எப்போது மாற்றப்பட்டது என்ற தேதியும் அதில் இருக்கிறது. ரப்பர் கெட்டியாகிவிட்டால் ரெஸ்ட் வாசிப்பின் நடுவில் நழுவும், நழுவும் ரெஸ்ட்டைத் தாடைதான் பிடித்து நிறுத்தும். தடித்த கோட்டு அணிந்து வாசிக்கவேண்டிய நாட்களில் மார்பு முனையை ஒரு திருப்பு உள்ளே திருகிவிடுகிறேன். கோட்டைக் கழற்றியதும் அதைத் திரும்ப வெளியே எடுக்க மறந்துபோனால், அன்றைய பயிற்சியின் இருபதாவது நிமிடத்தில் கழுத்து ஞாபகப்படுத்துகிறது.